தள்ளுபடி என்று வந்த கார்டு

தென்காசியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஞானபாக்கியம் இருபத்து நான்கு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது கணவனை இழந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெயருக்குத் தையல் டீச்சர். ஆனால் ஊசியைப் பிடித்ததைவிடப் பேனாவைப் பிடித்ததுதான் அதிகம். பிள்ளையைச் சேர்க்க வருகிற தாய்மார்கள் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் சம்பளச் சலுகைக்கான பாரங்கள் வந்து இறங்கும். அன்றைக்குப் பள்ளிக் கட்டணத்தைச் சம்பளம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாரம் முழுக்க இங்கிலீஷ். எலிஜிபிலிட்டி, மெரிட், வெய்வர், பர்சரி என்று நாலு தலைப்பு. பள்ளியின் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாளுக்கு அந்த நாலும் நாலு தனித்தனி அறைகள். ஞானபாக்கியத்துக்கோ அவற்றை எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குத் தமிழில் புரியவைப்பதே பெரும்பாடு. முதல் இரண்டுக்கும் 'தகுதி' என்ற ஒரே வார்த்தைதான் அவள் நாக்கில் வரும்.

1938-இல் அச்சன்புதூரிலிருந்து ஆவுடைத்தாய் வந்தாள். கொஞ்ச வருஷம் முன்புவரை நன்செய் வைத்திருந்த குடும்பம். ஒரு பாகவழக்கில் நிலம் போயிற்று. அந்தத் துக்கத்திலேயே கணவன் சங்கிலிப்பாண்டியும் போய்விட்டான். மகள் உலகம்மை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறியிருந்தாள். முதலாம் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்க்க வேண்டும்.

"முதல்ல தகுதி எழுதணும் அக்கா. வருமானம் கொறச்சல்னு கிராம முன்சீப் எழுதிக் குடுத்த சர்ட்டிபிகேட்டு இருக்கா?" என்று ஞானபாக்கியம் கேட்டாள்.

ஆவுடைத்தாய் முந்தானையில் முடிந்திருந்த காகிதத்தை அவிழ்த்து நீட்டினாள். "இதை வாங்குதுக்கு நாலு நட நடந்தேன், டீச்சரம்மா. இல்லாதவன்னு எழுதச் சொல்லி ஊரான்கிட்ட போயி நிக்கதுக்குப் பேரு தகுதியா?"

ஞானபாக்கியம் காகிதத்தை வாங்கிப் பாரத்தோடு சேர்த்து வைத்தாள். "அந்தத் தகுதி வேற. அடுத்தாப்ல ஒண்ணு இருக்கு. அதுல ஒங்க மக வாங்கின மார்க்கை எழுதுவோம். ரெண்டும் இருந்தா சம்பளம் கேக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் பர்சரின்னு ஒண்ணு. போர்டிங்ல தங்க, சாப்பிட, புஸ்தகம் வாங்க ஒரு பண்டுலருந்து தருவாங்க. அது வருஷத்துக்கு ரெண்டு பிள்ளைக்குத்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் கமிட்டி பிள்ளையை நேர்ல பாத்துத்தான் முடிவு பண்ணும்."

ஆவுடைத்தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உலகம்மை மட்டும் பாரத்தின் எழுத்துகளை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாதக் கடைசியில் முடிவுகள் வந்தன. உலகம்மைக்கு வெய்வர், அதாவது சம்பளச் சலுகை, கிடைத்துவிட்டது. ஞானபாக்கியம் சந்தோஷத்தோடு ஆவுடைத்தாய்க்குத் தபால் கார்டு எழுதினாள். அன்றைக்கு எழுத வேண்டியவை முப்பதுக்கு மேல் இருந்ததால் வாசகத்தைச் சுருக்கினாள்: 'விண்ணப்பம் 17. உலகம்மை. கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது.'

ஜூனில் பள்ளி திறந்தது. குற்றாலத்தில் சாரல் கட்டி, மலை கண்ணுக்கே தெரியாமல் கிடந்த வாரம். முதலாம் பாரத்து வருகைப் பதிவில் உலகம்மையின் பெயருக்கு நேரே மூன்று நாளாக வெற்றிடம். நான்காம் நாள் பர்சரிக் கமிட்டி கூடியது. வராத பிள்ளையைத் தள்ளிவிட்டு வேறு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் இடமும் அடுத்த பெண்ணுக்குப் போகும்" என்றார் துரைசாணி அம்மாள்.

ஞானபாக்கியத்துக்கு மனசு ஆறவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு ஒற்றை மாட்டு வண்டி பேசிக்கொண்டு அச்சன்புதூருக்குப் புறப்பட்டாள். தூறலில் நனைந்த சேலையோடு அவள் போய் இறங்கியபோது ஆவுடைத்தாய் முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னக்கா, பிள்ளையை ஏன் அனுப்பல?"

"வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டு இப்ப வந்து கேக்குதியளா?"

"யாரு வேண்டாம்னு எழுதினா?"

ஆவுடைத்தாய் உள்ளே போய்க் கார்டைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். "நீங்கதான. தபால்காரர் வாசிச்சுக் காட்டினாரு. தள்ளுபடி செய்யப்பட்டதுன்னு. எங்க வீட்டுக்காரரு போட்ட மனுவுக்கும் கோர்ட்டுல இதே வார்த்தைதான் சொன்னாங்க. அந்த வார்த்தையக் கேட்டபொறவு மத்தது எதையும் நான் காதுல வாங்கல. பிள்ள வாசிச்சும் கட்டணம்னா என்னன்னு அதுக்கும் தெரியல."

ஞானபாக்கியம் கார்டைப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். குண்டு குண்டாக, அழகாக. அந்த வார்த்தை இப்போதுதான் முதன்முறையாகக் கண்ணில் படுவதுபோல் இருந்தது. கோர்ட்டில் தள்ளுபடி என்றால் கதவை அடைப்பது. அவள் எழுதிய தள்ளுபடியோ கதவைத் திறந்துவிடுவது. போதாக்குறைக்கு, சம்பளம் என்று எழுதாமல் கட்டணம் என்று பெரிய தமிழ் வேறு.

"அக்கா, தள்ளுபடி ஆனது ஒங்க பிள்ளை இல்ல. சம்பளம். ஒரு காசு கட்ட வேண்டாம்னுதான் எழுதியிருக்கேன்."

ஆவுடைத்தாய்க்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அப்படியே வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டாள். "பள்ளிக்கூடம் தொறந்த நாள்லருந்து அந்தப் பிள்ள சரியா சோறுகூட திங்கல. என்னத்தட்டி படிச்சே, ஒன்ன வேண்டாங்காவளேன்னு நானும் ஏசிப்புட்டேன்" என்று சொல்லி அழுதாள். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் பார்த்துக் கத்தினாள்: "ஏட்டி உலகம்மை! ஓடியா!"

பர்சரி கைவிட்டுப் போனதைச் சொல்வதுதான் ஞானபாக்கியத்துக்குக் கஷ்டமாக இருந்தது. போர்டிங்குக்குப் பணம் கட்ட ஆவுடைத்தாயால் முடியாது. தினமும் போய்வரும் தூரமும் இல்லை. தன் ஒரு வார்த்தையால் வந்த நஷ்டம் இது என்று ஞானபாக்கியம் மறைக்காமல் சொன்னாள். அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம், அதுவரை தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றாள்.

"நாங்க சாமி கும்பிடுதவங்க" என்று தயங்கினாள் ஆவுடைத்தாய்.

"கும்பிடட்டும். நான் தடுக்க மாட்டேன்."

திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள் உலகம்மை வகுப்பில் இருந்தாள். அந்த வருஷம் முழுக்க ஞானபாக்கியத்தின் சின்ன வீட்டில் இரண்டு பாய் விரிந்தது. காலையில் பிள்ளை நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு விசுவநாதர் கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிடும். ஞானபாக்கியம் வேதப் புத்தகம் வாசிப்பாள். வாரத்துக்கு ஒருமுறை அச்சன்புதூரிலிருந்து அரிசியும் கத்தரிக்காயும் வரும். அடுத்த ஜூனில் பர்சரி கிடைத்து, உலகம்மை போர்டிங்குக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஞானபாக்கியம் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எழுதிய கார்டுகள் வேறு மாதிரி இருந்தன. 'உங்கள் மகளுக்கு இடம் உண்டு. சம்பளம் கட்ட வேண்டாம். ஜூன் முதல் திங்கட்கிழமை கூட்டி வாருங்கள்.' ஆபீஸ் கடுதாசி இப்படியா இருக்கும் என்று துரைசாணி அம்மாள் முதலில் முகம் சுளித்தார். அச்சன்புதூர்க் கதையைக் கேட்டபின் அப்படியே எழுதச் சொல்லிவிட்டார்.

உலகம்மை எட்டு முடித்து, பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படித்து, புளியங்குடியில் வேலைக்குப் போனாள். ஞானபாக்கியம் 1946-இல் ஓய்வு பெற்றாள். அவள் கையால் எழுதியவற்றை அடுத்து வந்தவர்கள் டைப் அடித்தார்கள்.

சாரல் தொடங்கினால் அவளுக்கு நினைவு வருவது பள்ளிக்கூடமோ பாரமோ அல்ல. அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான். ஈரச்சேலையை மாற்றச் சொல்லித் தன் கண்டாங்கியைக் கொடுத்து, சுடுசோற்றில் புளிக்குழம்பை ஊற்றி, "ஏசினதை மனசுல வச்சுக்கிடாதிய" என்றபடி ஆவுடைத்தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பக்கம் உலகம்மை அத்தனை நாள் பசியையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அதற்கப்புறம் எத்தனையோ வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அந்த ருசி எங்கும் வரவில்லை என்பாள் ஞானபாக்கியம்.