தச்சரும் உளியும்

போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் விடைத்தாள்களை மாற்றித் திருத்துவது வழக்கம். தப்பு என்று போட்டவர், எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக எழுதித் தோற்றுக்கொண்டிருந்த ஒரு வீட்டின் பெரிய மருமகள் கையில், போன மாதம் சேர்ந்த ஓரகத்தியின், அதாவது அதே வீட்டுச் சின்ன மருமகளின், தாள் வந்தது. இருபதில் முதல் பத்தொன்பது கேள்விகளும் சரி. அவளுக்கு வயிறு எரிந்தது.

கடைசிக் கேள்வி, 'தையல்காரர் : ஊசி' போன்ற ஜோடி எது? ஓரகத்தி 'தச்சர் : உளி' என்று குறித்திருந்தாள். பெரியவள் எழுதியதோ 'பேனா : எழுத்தாளர்'. யோசிக்காமல் தப்பு போட்டாள்.

"ஏன் தப்பு? ரெண்டு ஜோடிக்கும் ஒரே வாக்கியம் பொருந்துதான்னு பாருங்க," என்றார் ஆசிரியர்.

"தையல்காரர் ஊசியால வேலை செய்வார். தச்சர் உளியால..." அவள் குரல் இறங்கியது.

"பொருந்துதே. எது சரின்னு நினைச்சீங்க?"

"பேனா, எழுத்தாளர்."

"பேனா எழுத்தாளரால வேலை செய்யுமா? வரிசை தலைகீழா இருக்கே. உங்க கையில இருக்கிற தாள்ல யாராவது அப்படி எழுதியிருக்காங்களா?"

பெரியவளின் தாளைத் திருத்தியிருந்த ஓரகத்தி, அதை மெல்ல மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இதுல இல்ல சார்," என்றாள்.

மாட்டிவிட்டிருந்தால்கூடப் பெரியவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.