மூன்று விரல்

அப்போது செல்ஃபி என்ற சொல் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. ‘உங்களை நீங்களே ஒரு போட்டோ எடுத்து இப்பவே அனுப்புங்க’ என்றுதான் அந்தப் பெண் கேட்டார். சேலத்துக்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிற வேலை. திருமணத் தகவல் இணையதளத்தில் என் விவரத்துக்குச் சம்மதம் என்று பதில் போட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்த விவரத்தை ஏற்றியது என் அக்கா. வியாசர்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்றினாள். வயது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டதே என்ற பதற்றம் எனக்கு இருந்ததைவிட அவளுக்கு அதிகம். போட்டோவுக்கு என்னை ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை போட்டோ என்றால் கோட்டு வேண்டும். கோட்டு யாரிடமும் இருக்காது. ஸ்டுடியோவிலேயே ஒன்று மாட்டியிருக்கும், அதைத்தான் எல்லா மாப்பிள்ளைகளும் போட்டுக்கொள்வார்கள். பிரிண்ட் கைக்கு வந்தபோது எனக்கே மரியாதை கொடுக்கத் தோன்றியது. அவ்வளவு சிவப்பாக இருந்தேன்.

எனக்கு எண்ணூரில் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்து திருவொற்றியூரில் என் ஒற்றை அறைக்கு வந்தால், பேசுவதற்கு டிவி மட்டும்தான், அதுவும் நான் சொல்வதைக் கேட்காது. இப்படிப்பட்டவனுக்கு ஒருத்தி தினமும் ‘சாப்டாச்சா?’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? நான் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன். ‘கடைல சாப்டேன்’ என்று எழுத வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் இப்படி ஓடியது. அவருக்கு முன்பு ஒருவன் வேறு யாருடைய படத்தையோ காட்டி ஏமாற்றியிருக்கிறான் என்று இடையில் ஒருநாள் எழுதினார். அதன்பிறகுதான் ஆரம்பித்தது. ‘நீங்க நிஜமான ஆளா?’ என்றார். ஆமாம் என்றேன். ‘அப்ப இப்பவே ஒரு போட்டோ. மூணு விரலைக் காட்டி எடுங்க. பழைய போட்டோவை அனுப்பி ஏமாத்த முடியாது.’

கேட்டதில் தப்பில்லை. சூடு பட்டவர், யோசித்துத்தான் கேட்கிறார். ‘இப்பவே’ என்பதுதான் இடித்தது. நிலக்கரி இறங்குகிற இடத்தில் கேமரா வைத்த போனுக்கு அனுமதி கிடையாது. கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அந்தச் செய்தி வந்தபோது நான் கேட்டில் நின்றிருந்தேன், பின்னால் ஆட்கள் தள்ளுகிறார்கள். ‘உள்ளே போன் விட மாட்டாங்க, சாயங்காலம் அனுப்பறேன்’ என்று அவசரமாகத் தட்டிவிட்டுப் போனைக் கொடுத்தேன்.

வேலை முடிந்து போனை வாங்கினால் வரிசையாகச் செய்திகள். ‘எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.’ ‘ஒரு போட்டோ எடுக்க எவ்வளவு நேரம்?’ ‘பதில் இல்லைன்னா நீங்க போலின்னு முடிவு பண்ணிக்கிறேன்.’ குளிக்கக்கூட நிற்காமல் வெளியே ஓடிவந்து டீக்கடைப் பக்கம் நின்றேன்.

அந்தப் போனில் லென்ஸ் பின்பக்கம். அதன் பக்கத்தில் பொட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கும், அதில் மூஞ்சி தெரிந்தால் படத்திலும் விழும் என்று கணக்கு. முதல் படத்தில் என் நெற்றி மட்டும் விழுந்தது. அடுத்ததில் விரல் இருந்தது, ஆள் இல்லை. கூட வேலை பார்க்கிறவன் டீயோடு வந்து நின்றான்.

“இன்னா மாமு, ஒன்ன நீயே போட்டோ புட்ச்சிகினு கீற? மூஞ்சியாச்சும் கய்வக் கூடாதா? குடு, நான் எடுக்கறேன்.”

“ஒண்ணும் வாணாம், நீ போ.”

“யாருக்கு மாமு?”

போனை மறுபடி மூஞ்சிக்கு நேரே தூக்கினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். கடைசியில் ஒரு படம் உருப்படியாக விழுந்தது. கரித்தூள் படிந்த முகம், மூன்று விரல், பின்னால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய். அனுப்பினால், போவேனா என்று அடம்பிடித்து ஒருவழியாகப் போனது.

‘இது யார்?’ என்று பதில் வந்தது.

நான்தான் என்றேன். ‘இல்லை. யாரோ கூலிக்காரரை நிக்க வெச்சு எடுத்திருக்கீங்க. அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு, அதே மூணு விரலோட அனுப்புங்க. இன்னிக்கே.’

கோபம் வந்தது. இணையதளத்தில் தன் படத்தை யாரும் பார்க்க முடியாதபடி அவர் பூட்டுப் போட்டிருந்தார், கேட்டதற்கு ‘அப்புறம்’ என்றார். நான் இரண்டாவது தடவை கேட்டதே இல்லை. இருந்தும் அன்று என்ன செய்தேன் தெரியுமா? தேய்த்துக் குளித்துவிட்டு ராயபுரத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு கோட்டு எங்களுக்கு நடுவில் நிற்கிறது, அதைப் போட்டுக் காட்டிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன்.

ஸ்டுடியோக்காரர் கோட்டை எடுத்துக் கொடுத்தார். அவருடைய பெரிய கண்ணாடி முன் நின்றேன். கோட்டு அதேதான். உள்ளே இருந்த ஆள் வேறு.

“அண்ணே, போட்டோல நான் இந்தக் கலர் இல்லியே?”

“அத்தெல்லாம் கம்பூட்டர்ல போட்டது நைனா. மாப்ள போட்டோன்னா கலரை ஏத்தி, கன்னத்தையும் கொஞ்சம் ரொப்பிடுவோம். அல்லார்க்கும் அப்டித்தான். இன்னா, பொண்ணூட்ல கேக்கறாங்களா?”

எந்த விரலைக் காட்டினாலும் அந்தப் படத்தில் இருந்தவனாக நான் ஆக முடியாது. இன்று கோட்டு, நாளை வேறொன்று என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார் என்று புரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழை மெதுவாகத் தட்டினேன். ‘கரியோட இருந்த படம்தான் நான். கோட்டு ஸ்டுடியோவோடது, கலர் கம்ப்யூட்டரோடது. இனிமே போட்டோ அனுப்ப மாட்டேன். சந்தேகம் இருந்தா போன் பண்ணிப் பேசுங்க. இல்லைன்னா உங்க வீட்டுப் பெரியவங்களை எங்க அக்கா வீட்டுக்கு அனுப்புங்க, நேர்ல பாக்கட்டும். நான் உங்ககிட்ட ஒரு படத்துக்கும் அவசரப்படுத்தினதில்லை.’

‘பத்து நிமிஷம் டைம் தர்றேன்’ என்று ஒரு பதில். நான் ஒன்றும் அனுப்பவில்லை. கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. போய்விட்டார் என்றே நினைத்தேன்.

போன் அடித்தது. அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

“நான்தாங்க,” என்றது ஒரு குரல். நான் நினைத்ததைவிட மெல்லிய குரல். “சாப்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

ஸ்டுடியோக்காரர் விளக்கைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நம்பறேங்க. நீங்க நிஜமான ஆள்தான். கூலிக்காரர்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க.”

“பரவால்லீங்க,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

“ஆனா எங்க வீட்ல, ஸ்கூல்ல, எல்லார்கிட்டயும் அந்தப் போட்டோவைத்தாங்க காட்டியிருக்கேன். நானும் தினமும் அதைத்தான் பாத்துட்டிருந்தேன். இவரா அவர்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?”

அவர் என் பதிலுக்காகக் காத்திருந்த மாதிரித் தெரியவில்லை. “உடம்பைப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஸ்டுடியோக்காரர் திரும்பி, “கோட்டு போட்டுகினு தானே கீற, இன்னொன்னு எட்த்துரட்டா நைனா?” என்று கேட்டார். வேண்டாம் என்று கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். பஸ்ஸில் இடம் இருந்தும் திருவொற்றியூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.