பரிசோதனைக்கு அத்தானை அனுப்பினோம்

அண்ணனுக்கு குளோக்கோமா என்று கண் டொக்டர் கண்டுபிடித்தபோது இடக்கண் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நோவே இல்லாமல் நரம்பைத் தின்னும் வியாதி. துறைமுகத்தில் வள்ளத்தை ஜெற்றி மேடையில் இடித்துவிட்டு அண்ணன் ஜெற்றியைத் திட்டிய நாட்களிலேயே அது வேலையைத் தொடங்கியிருக்கவேண்டும். போன பார்வை திரும்பாது, மருந்து மிச்சத்தைக் காக்கும் என்ற டொக்டர், குடும்பத்தில் மற்றவர்களையும் கூட்டிவரச் சொன்னார்.

யாரை அனுப்புவது? அக்கா வீட்டு வாசலில் நின்றால் கப்பல்கள் தெரியும். அவற்றின் பெயரை வாசிக்கும் போட்டி ஒன்று வைத்தோம். அக்கா பெயரோடு அதன் கீழிருந்த ஊரையும் வாசித்தாள். நான் பாதி வாசித்து மீதியை ஊகித்தேன். தடித்த கண்ணாடிக்காரரான அத்தான், "எந்தக் கப்பல்?" என்று கேட்டார். ஏகமனதாக அவரையே தெரிவு செய்தோம். துணைக்கு அக்காவும் நானும் போனோம்.

"இவர் உங்கட அண்ணனுக்கு என்ன முறை?" என்று கேட்டார் டொக்டர்.

"தங்கச்சியின்ர புருசன்," என்று அக்காவைக் காட்டினேன்.

"கலியாணம் செய்து இது தொத்தாது. ஊராருக்கு உள்ள ஆபத்துத்தான் இவருக்கும். கூடப்பிறந்த உங்களுக்குத்தான் அது பலமடங்கு. முதல்ல தங்கச்சி வரட்டும்."

"எனக்கென்ன டொக்டர், அரிசியில கிடக்கிற கல்லுக்கூடத் தெரியும்," என்றாள் அக்கா.

"நடுப்பார்வை கடைசியாத்தான் போகும் அம்மா. முதல்ல ஓரம் போகும், உங்களுக்கு விளங்காது."

கண்ணை மரத்துப்போகவைக்கும் சொட்டு விட்டு, அவளைப் படுக்கவைத்து, விழியில் சின்ன உலோகக் கருவியை நிறுத்தினார். அதன் முள் கொஞ்சமே நகர்ந்தது.

"குறைவுதானே, நல்லம்," என்றார் அத்தான்.

"இதில மறுவளம். முள் அசையாட்டி அழுத்தம் கூட."

பிறகு கருவிழி வழியாக விளக்குப் பிடித்து நரம்பைப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணாக மறைத்து, சுவரில் தொங்கிய கறுப்புத் துணியின் நடுவை அவளைப் பார்க்கவைத்து, தெரிந்ததும் சொல்லச்சொல்லி, வெள்ளைத் தலைக் குண்டூசியொன்றை ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தினார். வலக்கண்ணுக்கு மூக்குப் பக்கத்தில் ஊசி வந்து வெகுநேரமாகியும் அக்கா தெரியுது என்று சொல்லவில்லை. அத்தான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

தொடக்கந்தான், தவறாமல் சொட்டுவிட்டால் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். என்னையும் அப்படியே சோதித்தார்; எனக்கு ஒன்றுமில்லை. "எண்டாலும் வருசா வருசம் வாங்கோ. இண்டைக்கு இல்லாதது நாளைக்கு வரலாம். அக்காட பிள்ளையளையும் நாப்பது வயசுக்கு முந்தியே காட்டவேணும்."

செய்தி கேட்ட அண்ணன் அக்காவைக் கிட்டக் கூப்பிட்டார். பிறகு, "என்ர கண் போகாட்டி உன்ர கண்ணை ஆர் பார்த்திருப்பினம்?" என்றார்.

"ஓம் அண்ணை."

"அப்ப ஞாயிறு தோறும் எனக்கு நண்டுக்கறி."

அக்கா சமைத்தாள். ஆறாவது ஞாயிறு, சொட்டு விட்டால் புருவம் வலிக்கிறது, நிறுத்தப்போகிறேன் என்றாள். அண்ணன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். அவள் சொட்டு விட்ட பிறகுதான் நண்டைத் தொட்டார்.