கண்ணாடி முன் இருபது தடவை

எனக்கு அறுபத்தேழு வயது. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைச் சரிபார்க்கிறேன். அடுத்த வியாழக்கிழமை முதல் எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரிடம் வீடியோ மீட்டிங்கில் நானே இங்கிலீஷில் பேச வேண்டும், இல்லாவிட்டால் என் நாற்காலிக்கு வேறு ஆள் என்றார் முதலாளி. ஒன்பது நாள் இருந்தது.

ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் பெண்மணி உச்சரிப்புப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். டி-ஹெச்சுக்கு நுனிநாக்கைப் பற்களுக்கு நடுவே லேசாக நீட்டிக் காற்றை விட வேண்டும். வி-க்கு மேல்பல் கீழுதட்டைத் தொட்டு அதிர வேண்டும். டபிள்யூவுக்குப் பல் படாமல் உதட்டைக் குவிக்க வேண்டும். ஒவ்வொரு ஒலியும் இருபது தடவை, பிறகு பத்துச் சொல், ஐந்து வாக்கியம், கடைசியில் போனில் பதிவு செய்து கேட்பது.

"காத நம்பாதீங்க சார், கண்ணாடியப் பாத்து வாயச் சரி பண்ணுங்க" என்றார்.

ஏழாம் நாள் காலையில் துணி வெட்டித் தரும் கட்டிங் மாஸ்டரின் கணக்கில் பன்னிரண்டு பீஸ் குறைவதைப் பலர் முன்னால் சொன்னேன். மதியம் கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன் நான் பதினான்காவது டி-ஹெச்சில் இருந்தபோது அவர் என் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியில் கண்கள் சந்தித்தன.

"ஏனுங்க, யாரப் பாத்து நாக்கக் கடிக்கறீங்க?"

எங்கள் பக்கத்தில் கையை ஓங்குவதற்கு முன்தான் நாக்கைக் கடிப்பார்கள். எனக்கோ எண்ணிக்கை விட்டுப்போகும் பயம். பொறு என்பதற்காக, நாக்கை எடுக்காமலே அவரைப் பார்த்து ஆள்காட்டி விரலை உயர்த்தினேன்.

என் தோளைப் பிடித்துத் திருப்பி, தாடையின் கீழ் குத்தினார். பற்கள் நாக்கின் மேல் மூடின. சட்டையெல்லாம் ரத்தம். கையில் கிடைத்த எவர்சில்வர் டம்ளரால் அவர் நெற்றியில் இரண்டு அடி அடித்தேன். தோல் கிழிந்தது. என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். பிரித்துவிட நான்கு பேர் வேண்டியிருந்தது.

"கெழவன் நாக்கக் கடிச்சு வெரல ஆட்டறானுங்க!"

"அய்யோ அண்ணா, அது பாடமுங்க! நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று கத்தினார் மெர்ச்சண்டைசர்.

"நாக்கக் கடிச்சாத்தான் இங்கிலீசு வருமாக்கும்?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

யாரோ சிரித்தார்கள். அந்த ஆளையும் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

நாக்கில் மூன்று தையல். நான்கு நாள் பேசக்கூடாது என்றார் டாக்டர். மீட்டிங்குக்கு இருந்ததோ இரண்டு நாள். முதலாளியிடம் தையலைப் பற்றி மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை பத்தொன்பது நிமிடம் பேசினேன். வி-யும் டபிள்யூவும் வலிக்கவில்லை. ஒவ்வொரு டி-ஹெச்சும் தையலைப் பல்லில் உரசியது. ஆறாவதில் ரத்தத்தின் ருசி தெரிந்தது. இருபத்து மூன்றுக்கு மேல் எண்ணவில்லை. துணியின் அகலம், கப்பல் தேதி எல்லாவற்றையும் பையர் திருப்பிக் கேட்காமல் குறித்துக்கொண்டார்.

"இனி வாராவாரம் நீங்களே பேசீருங்க" என்றார் முதலாளி.

வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு வெளியே போய்த் துப்பினேன். அதோடு ஒரு தையலும் வந்து விழுந்தது.