சரோஜாவுக்குப் போட்ட இன்லேண்ட் லெட்டர்

போன வாரம் நானே போஸ்ட் பண்ணிய ஒரு கடிதத்தை, யார் கைக்கும் போகாமல் திரும்ப வாங்கிவிட அலைந்தேன். யாருக்குப் போட்ட கடிதம் என்கிறீர்கள்? என் மனைவி சரோஜாவுக்கு... என் வீட்டு விலாசத்துக்கே.

அவளுக்கு அறுபதாவது பிறந்தநாள். ஏதாவது நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆசை. ஆனால் ரிட்டயர் ஆகும்வரை பஸ்ஸில் “உள்ள போ, உள்ள போ” என்றே கத்திய கண்டக்டர் வாய் இது. நல்ல வார்த்தை எங்கிருந்து வரும்? கல்யாணமான புதிதில் நான் திண்டிவனத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன், அவள் இங்கே விழுப்புரத்தில். வாரம் ஒரு இன்லேண்ட் போடுவேன். அதே மாதிரி ஒன்று போட்டால் என்ன?

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் திண்டிவனத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனேன். அங்கே தபால் ஆபீசில் ஒரு இன்லேண்ட் வாங்கி, நின்றுகொண்டே எழுதினேன். மேலே பிள்ளையார் சுழி. பிறகு, முதல் மாசச் சம்பளத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்ட பரோட்டா. பஸ் ஸ்டாண்டில் அவள் மடியில் கட்டிக்கொண்டு வந்து தரும் வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை. மகள் பிறந்த அன்று நான் சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. கடைசியாக, பங்குனி வெயிலில் பெருமுக்கல் மலைக் கோயிலுக்கு வேண்டுதலுக்காகச் செருப்பில்லாமல் ஏறியது. ‘பாறை சுட்டது. என் துண்டைக் கிழித்து உன் காலில் கட்டினேன், ஞாபகம் இருக்கிறதா?’

மூன்று மடிப்பும் நிறைந்துவிட்டது. பசையை ஈரம் பண்ணி ஒட்டி, பெட்டியில் போட்டேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் நான் நல்ல காரியத்துக்குக் கடிதம் போட்டதில்லை. வெளியூரில் மஞ்சளுக்கு எங்கே போவது? அதுவே உறுத்தியது.

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்போது அதைவிடப் பெரிய உறுத்தல் வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து, அடிவாரத்தில் அந்தத் துண்டால்தான் முகம் துடைத்தேன். முழுத் துண்டு. கிழித்த துண்டு எப்படி முழுசாக இருக்கும்?

துணி கிழிபட்ட சத்தமும், காலில் கட்டியதும் நன்றாக ஞாபகம். அப்படியென்றால் யார் காலில், யார் கட்டியது?

இரண்டு நாளும் உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் வாசலுக்குப் போகிறேன். சுவாமிக்கு விளக்கேற்றினால் மனசு நிற்கவில்லை. ஒரு வரி பொய் என்றால் மற்ற வரிகளையும் அவள் நம்புவாளா? ஆசையாக எழுதியது எல்லாம் கதை என்று ஆகிவிடாதா?

“இன்னாங்க, பொண்ணு ஊட்டுல துண்ணது ஒத்துக்கலையா? ஓமத்தண்ணி வெக்கட்டுமா?” என்றாள் சரோஜா.

பிறந்தநாள் காலையில் நான் போய் நின்றது விழுப்புரம் தபால் ஆபீசில். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னது: “திரும்ப வாங்கலாம் சார். மனு எழுதி, ஃபீஸ் கட்டணும். லெட்டர் மேல எழுதின விலாசத்த அதே கையெழுத்துல எழுதிக் காட்டணும். ஆனா இன்னிக்கு வந்த தபால போஸ்ட்மேன் எடுத்துக்கினு கெளம்பிட்டாரே.” பிறகு நான் எழுதிக் காட்டிய விலாசத்தைப் பார்த்துவிட்டு, “இது யாரு சார்?” என்றது.

“என் சம்சாரம்.”

“சண்டையா?”

“இல்லம்மா... வாழ்த்து.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. நான் வீட்டுக்கு ஓடினேன்.

சரோஜா வாசல் கேட் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறாள். கையில் இன்லேண்ட். கண்ணைத் துடைத்தாளா, கண்ணாடியைத் துடைத்தாளா தெரியவில்லை.

“எல்லாம் செரி. துண்ட கிழிச்சி என் கால்ல கட்னீங்களா?”

ஓடி வந்த மூச்சு அடங்காமல் நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கம்மா எடுத்துக் குடுத்த மாம்பழக் கலர் பொடவை. அந்த முந்தானைய கிழிச்சி உங்க கால்ல நான் கட்னேன். ஆ, ஊன்னு குதிச்சிக்கினு இல்ல வந்தீங்க?”

“அப்போ உன் கால்?”

“கொப்பளம்தான். ரெண்டு நாளு நின்னு கேப்பைக் களி கிண்ட முடியல. நீங்கதான் மறுநாளே டூட்டிக்குன்னு போய்ட்டீங்களே. ஆருகிட்ட சொல்றது?”

இத்தனை வருஷமாக நான் கட்டியதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தேன்.

“பார்த்தது போதும். உள்ள வாங்க,” என்று பூஜை மாடத்திலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்தாள். விரல் கடிதத்தின் மூலைக்கு வந்து நின்றுவிட்டது. “அந்த வரிய அடிச்சிட்டு, நடந்தத எழுதிக் குடுங்க. அப்பறம் தடவுறேன். சாமிகிட்ட பொய்ய வெக்கக்கூடாது.”

“எடமே இல்லியே சரோஜா.”

“எழுதுங்க.”

எழுதினேன். நிற்க இடமில்லாத பஸ்ஸிலேயே இன்னும் பத்துப் பேரை ஏற்றியவன் நான்... ஒரு வரிக்கா இடம் கிடைக்காது?