கவின்மதிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன்

ஜீயபுரம் விஜயராணிக்குப் பிறந்த பெண் குழந்தை ஐந்து கிலோவை நெருங்கியது. பார்த்தவர்கள் பூரித்தார்கள். பெரிய நாக்கையும், பிறந்ததுமே இறங்கிய சர்க்கரையையும் கவனித்த திருச்சி டாக்டர் மட்டும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்.

"உடம்பை அதிகமா வளர்க்கிற மரபணுக் கோளாறும்மா. அதே கோளாறு சிறுநீரகத்துலயோ கல்லீரல்லயோ கட்டியையும் வளர்த்துடலாம். எல்லாருக்கும் வராது. வந்தா சின்னதா இருக்கும்போதே பிடிக்கணும். ஏழு வயசு வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுங்க."

கணவன் இளவரசன் சிங்கப்பூரில் இருந்தான். "நல்லா வளர்ற புள்ளைய ஏன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு அலையற?" என்று கேட்ட மாமியார், அவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார். விஜயராணி குழந்தையோடு தனியாகவே பஸ் ஏறினாள். நான்கு வயதில் கவின்மதி ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் இருந்தாள். "இவ்வளவு பெரிய பொண்ணை மடியிலயா வச்சிருக்கீங்க?" என்று பஸ்ஸில் கேட்டார்கள்.

அந்த ஆண்டு ஒரு ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் சிறு கட்டி தெரிந்தது. பரவவில்லை. யாரிடம் சொல்வதென்று தெரியாமல், ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளுக்கு இட்லி ஊட்டினாள். பிறகு இளவரசனுக்குப் போன் செய்தாள்.

"நான் வரேன் ராணி," என்றான்.

மருந்து கொடுத்துச் சுருக்கி, கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். மகள் தேறியதும் அவன் திரும்பிப் போனான். அடுத்த ஸ்கேனுக்கு விஜயராணி மறுபடி தனியாகவே பஸ்ஸுக்கு நின்றாள்.