வட்டியில்லாத தவணை

எங்கள் மகள் டிப்ளோமாவில் சேர்ந்தபோது, காலேஜ் கவுண்டரில் இரண்டு வழி சொன்னார்கள். ஆறாயிரம் வெள்ளி பீஸை மாதம் ஆயிரமாக ஆறு தவணையில் கட்டலாம். முதல் தவணை மறுநாளே. மொத்தமாகக் கட்டினால் ஐந்து விழுக்காடு கழிவு, ஐயாயிரத்து எழுநூறுதான். தவணைக்கு வட்டி கிடையாதாம்!

கையில் இருந்தது ஆயிரம். என் கணவர் சிரித்துக்கொண்டே, "வட்டியே இல்ல லா, தவணையே போடுவோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பாக்டரியில் ஓவர்டைம் கணக்கில் பத்து காசு குறைந்தாலே சூப்பர்வைசரை விடமாட்டேன், முந்நூறை விடுவேனா? புக்கிட் காத்தில் வீட்டுக்கு வந்ததும் கால்குலேட்டரை எடுத்தேன்.

"ஆயிரத்த எப்படியும் நாளைக்குக் கட்டணும். மிச்சம் நாலாயிரத்து எழுநூறு. அத இப்ப கொடுக்காம, அஞ்சு மாசத்துல ஐயாயிரமா கொடுக்கறோம். முந்நூறு கூட. அது வட்டியில்லாம என்னவாம்?"

"அஞ்சு பெர்சன்ட்தானே?"

"வருசத்துக்கா? முதல் ஆயிரம் ஒரு மாசத்துல, கடைசி ஆயிரம் அஞ்சாவது மாசத்துல. சராசரியா மூணே மாசக் கடன். மாசத்துக்கு ரெண்டு பெர்சன்ட்டுக்கு மேல வருது. வருசத்துக்கு இருபத்தஞ்சு!"

என் வழியையும் சொன்னேன். டவுன் அடகுக்கடையில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு வெள்ளிதான் வட்டி. மாதாமாதம் அசலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். என் கழுத்துச் சங்கிலியை வைத்து நாலாயிரத்து எழுநூறு வாங்கி, மாதம் அதே ஆயிரத்தை அங்கே கட்டிவந்தால், கடைசி மாதம் எண்ணூற்று நாற்பதுக்குள் கணக்கு முடிந்துவிடும். நூற்று அறுபது வெள்ளி மிச்சம்.

"அடகா? அடுத்த மாசம் எங்க அக்கா மக கல்யாணம். மூளிக் கழுத்தோட வந்து நிப்பியா? என் மானமே போயிடும்."

அதுதான் விசயம். தவணை என்றால் கௌரவம், அடகு என்றால் அசிங்கம். எங்கள் ஆட்களுக்கு எதில் வட்டி கூடுதல் என்பது கணக்கே இல்லை. "மானத்துக்கு மாசம் ரெண்டு பெர்சன்ட் கட்டறீங்களா?" என்று கத்திவிட்டேன். மறுநாள் காலை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவரே என்னை மோட்டார் சைக்கிளில் அடகுக்கடைக்கு ஏற்றிப்போனார்.

அடுத்த மாதம் லூபோக் சீனா கல்யாண மண்டபத்தில் தாலிக்கயிற்றோடு மட்டும் போய் உட்கார்ந்தேன். கணக்கில் ஜெயித்தவளுக்கு அங்கே உடம்பெல்லாம் கூசியது. நினைத்தபடியே நாத்தனார் என் கழுத்தைப் பார்த்தார். பந்தியில் பத்துப் பேர் இருக்க, "சங்கிலி எங்க, தம்பிப்பொண்டாட்டி?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் கணவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அடகுல இருக்குக்கா. புள்ள பீஸ மொத்தமா கட்டிட்டோம். தவணைன்னா வட்டி அதிகம், இவதான் கணக்குப் போட்டா."

போன மாதம்வரை மானத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மனுசன் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.